அப்பாவின் தொண்டைச் சத்தம்

"அப்பா கடைசிக் கட்டத்தில் இருக்கிறார், நேற்றிலிருந்து நினைவில்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம், நடுநடுவே மூச்சு நிற்கிறது. திணறுகிறாரா? தண்ணீர் கொடுக்கலாமா?"

விழுங்க முடியாததால் எச்சில் தொண்டையில் தேங்கி, மூச்சோடு உரசுகிற சத்தம் அது. கேட்கிற நமக்குத்தான் தாங்காது. அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்காமல் தளர்ந்திருந்தால் திணறல் இல்லை. சுருங்கினாலோ முனகினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், மருந்து உண்டு.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள். சத்தம் குறையலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும். ஈரப்பஞ்சால் உதட்டையும் வாயையும் நனைத்தால் போதும்.

மூச்சு அரை நிமிடம்கூட நின்று, திரும்ப வரும். கடைசிக் கட்டத்தில் அது இயல்புதான். எழுப்ப உலுக்காதீர்கள். அப்புறம், கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், காதில் விழலாம்.