'பசு' என்று எழுதியிருக்கிறது, பிள்ளை 'மாடு' என்கிறாள்

"என் மகளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். மன்னார்குடி பக்கம் இருக்கிறோம். போனில் ஒரு தமிழ் கற்றல் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எமோஜி படமும் கீழே வார்த்தையும் வரும். குடை, மரம் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லி ஸ்டார் வாங்குகிறாள். அதே வார்த்தையை நோட்டில் எழுதிக் காட்டினால் முழிக்கிறாள். ஆப்பில் 'பசு' என்று வந்தால் 'மாடு' என்கிறாள். முகங்களைக் காட்டி 'இது என்ன உணர்வு' என்று கேட்கும் பகுதியில் பாதிக்குக் 'கோவம்' என்றே அழுத்துகிறாள். ஆப்பை எடுத்துவிடலாமா?" (ஒரு தாய்)

எடுக்க வேண்டாம். படம் எப்போது கண்ணில் பட வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் மகள் சொன்ன 'மாடு' என்ற பதிலிலேயே விஷயம் இருக்கிறது. ப, சு என்ற இரண்டு எழுத்தைக் கூட்டுகிற பிள்ளை எப்படித் தடுமாறினாலும் 'மாடு' என்று சொல்ல வழியில்லை. 'பகு' என்றோ 'பாசு' என்றோ தப்பு வரலாம். 🐄 படத்தைப் பார்த்து, வீட்டில் அதற்கு என்ன சொல்கிறீர்களோ அதைச் சொல்லியிருக்கிறாள். குடைக்கும் மரத்துக்கும் வீட்டுச் சொல்லும் ஆப்பின் சொல்லும் ஒன்றாக இருப்பதால் அங்கே ஸ்டார் விழுந்தது. ஸ்டார் கிடைத்தது படத்தை அடையாளம் கண்டதற்கு. எழுத்தை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1967இல் அமெரிக்காவில் ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு வார்த்தையோடு படமும் உண்டு, இன்னொன்றுக்கு வெறும் வார்த்தை. பழகும்போது படம் இருந்த பிள்ளைகள்தான் முந்தினார்கள். படத்தை எடுத்துவிட்டுச் சோதித்ததும் நிலைமை மாறி, வெறும் வார்த்தையில் பழகியவர்கள் கூடுதலாகப் படித்தார்கள். எளிதான வழி ஒன்று கண்முன் இருக்கும்போது பிள்ளை கடினமான வழியில் ஏன் போகும்? நீங்கள் நோட்டில் எழுதிக் காட்டியபோது நடந்தது அதே சோதனைதான்.

டெல்டாப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 🌾 என்ற எமோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். எமோஜிகளுக்கு உலகப் பொதுவாக எண்ணும் பெயரும் தரும் யூனிகோடு பட்டியலில் அதன் பெயர் EAR OF RICE, அதாவது நெற்கதிர். ஒரு ஆப்பில் அதற்குப் 'பயிர்' என்று போட்டிருந்தார்கள். நகரத்துப் பிள்ளைக்கு அது ஏதோ ஒரு செடி, சொன்னதை ஏற்றுக்கொள்ளும். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நாற்று வேறு, பயிர் வேறு, கதிர் வேறு, நெல் வேறு, வைக்கோல் வேறு. அதைப் பார்த்ததும் 'நெல்லு' என்றோ 'கதிரு' என்றோ சொல்லி, தப்பு என்று சிவப்புக் கோடு வாங்கும். கூடுதலாகத் தெரிந்ததற்குத் தண்டனை! இப்படி வரும் வார்த்தைகளைப் படிப்புக்குப் பயன்படுத்தாமல் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது? ஐந்து துண்டுச் சீட்டு எடுங்கள். மரம், படம், பயம், வயல், பட்டம் என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். படம் எதுவும் வேண்டாம். இந்த ஐந்தையும் ஒரு காரணமாகத்தான் சொல்கிறேன். கொம்பு, கால், சுழி எதுவும் இல்லை. எல்லாம் அகர எழுத்தும் மெய்யெழுத்தும்தான். 'கோபம்' பெரியவர்களுக்கு எளிதாகத் தெரியும். ஆனால் 'கோ'வில் எழுத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, ஒலிப்பதோ ஒரே ஒலி. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

முதல் இரண்டு நாள் மரம், படம், வயல் மூன்று மட்டும். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து ம, ர, ம் என்று தனித்தனியாகச் சொல்லி, பிறகு இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அவள் வாயால் 'மரம்' என்று வந்த பிறகு ஆப்பைத் திறந்து 🌳 காட்டுங்கள். அப்போது அந்தப் படம் பதிலைச் சொல்லிக்கொடுப்பதில்லை, அவள் சொன்ன பதிலைச் சரிபார்க்கிறது. எமோஜிக்குப் படிப்பில் இருக்கும் நல்ல இடம் அதுதான். உங்கள் ஆப்பில் படமும் வார்த்தையும் ஒன்றாகத்தான் வரும் என்றால், படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறையுங்கள். படித்ததும் கையை எடுங்கள். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பாள், அதற்குக் கோபப்பட வேண்டாம்.

மூன்றாம் நாள் பயம், பட்டம் சேருங்கள். இங்கேதான் அடுத்த தடங்கல் வரும். 'படம்' சீட்டைக் காட்டினால் 'பட்டம்' என்பாள், அல்லது நேர்மாறாக. இது பழைய தப்பு இல்லை, முன்னேறியதற்கு அடையாளம். படத்தை விட்டுவிட்டு முதல் எழுத்துக்கு வந்துவிட்டாள், மீதியை ஊகிக்கிறாள். இரண்டு சீட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, "எதில் ஒரு எழுத்து கூட இருக்கு?" என்று கேளுங்கள். நடுவில் உள்ள ட் மேல் விரல் வைக்க வேண்டும். வைத்த பிறகு இரண்டையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ட் இருந்தால் 'ட' அழுத்தமாக வரும், இல்லாவிட்டால் மெலிதாக வரும் என்பதைக் காது தானே பிடித்துக்கொள்ளும். ஒரு சங்கதி: 🪁 எமோஜி 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. பழைய போனில் பட்டத்துக்குப் பதில் வெறும் கட்டம் தெரிந்தால் பிள்ளை மேல் தப்பு இல்லை.

பழகிவிட்டாளா என்று எப்படித் தெரியும்? பத்து நாள் கழித்து, மரம் என்ற சீட்டின் பக்கத்தில் ☂️ படத்தை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'குடை' என்றால் இன்னும் படம்தான் படிக்கிறது. உங்களைப் பார்த்துச் சிரித்து "தப்பாப் போட்டிருக்கே" என்றால் எழுத்துக்கு வந்துவிட்டாள்.

எழுத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் படம் வேறு விதமாக உதவும். எழுத்துக்குப் பக்கத்தில் படம் நின்றால் பலனில்லை, எழுத்தின் வடிவமே படமாக மாறினால் பலன் உண்டு என்று லின்னியா ஏரி குழுவினர் 1984இல் காட்டினார்கள். 'ப' என்று பெரிதாக எழுதி அதற்குள் இரண்டு ஆள் உட்கார்ந்திருப்பது போலவும், அடியில் தண்ணீர் அலை போலவும் வரைந்துவிடுங்கள். மேலே திறந்த படகு, 'ப'வில் தொடங்கும் படகு. ⛵ எமோஜியில் பாய்மரம் இருக்கிறது, 'ப' வடிவம் எங்கும் இல்லை. ஆகவே இதற்குப் பென்சில்தான் சரி, எமோஜி உதவாது.

இனி 'கோவம்'. இது வேறு கணக்கு. எழுத்தைப் படிப்பதையும் உணர்வைக் கண்டுபிடிப்பதையும் ஒரே திரையில் கலந்ததுதான் ஆப்பின் கோளாறு என்று நினைக்கிறேன். 'சந்தோஷம்' பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்த உணர்வு, படிக்கவோ கடினமான வார்த்தை. 'பயம்' படிக்க எளிது, முகத்தில் கண்டுபிடிப்பது கடினம். வரிசை இரண்டும் எதிரெதிராகப் போகின்றன. அதனால் உணர்வுப் பகுதியை வாயால் மட்டும் விளையாடுங்கள், எழுத்து வேண்டாம்.

முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு படிமுறை உண்டு. முதலில் மகிழ்ச்சி தெளிவாகும், பிறகு கோபமும் சோகமும், அதற்கும் பிறகுதான் பயம், வியப்பு, அருவருப்பு. ஷெரி வைடன், ஜேம்ஸ் ரஸ்ஸல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பார்த்தார்கள். பெயர் இல்லாத மோசமான முகத்தை எல்லாம் பிள்ளைகள் தெரிந்த பெட்டியில் போடுகிறார்கள், அருவருப்பு முகத்துக்குக் கோபம் என்ற பதில் சாதாரணம். ஐந்தரை வயதில் பாதிக்குக் கோபம் என்றால் பதறத் தேவையில்லை.

எமோஜி இந்தக் குழப்பத்தைக் கூட்டும். 😤 முகத்தைக் கண்டால் நீங்களும் கோபம் என்றுதான் சொல்வீர்கள். யூனிகோடில் அதன் பெயர் FACE WITH LOOK OF TRIUMPH, வெற்றிப் பெருமிதம். 😪 அழுவது போல இருக்கிறது, ஆனால் தூக்க முகம். மூக்கில் தொங்கும் அந்தத் துளி ஜப்பானியப் படக்கதைகளில் தூங்குவதற்கு அடையாளம். எமோஜி அங்கிருந்து வந்ததால் அந்த வழக்கமும் கூடவே வந்துவிட்டது. மேலும் எண்ணும் பெயரும்தான் பொது, முகத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. ஆகவே 😀 😢 😠 😨 நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

அந்த நான்கையும் கேள்வியாகக் காட்டாதீர்கள். அதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்று: பயம், அருவருப்பு போன்றவற்றைப் பிள்ளைகள் முகத்தைவிடக் கதையிலிருந்துதான் நன்றாகச் சொல்கிறார்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைய ஓடுகிறது, செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட்டது என்று சொல்லிவிட்டு, "உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். 'அழுகையா வரும்' என்பாள். "அண்ணன்தான் தள்ளிவிட்டான்னா?" கோபம். "அம்மா அடிப்பாங்களோன்னு நினைச்சா?" பயம். ஒரே செருப்பு, மூன்று உணர்வு. சொல்லி முடித்த பிறகு, "இதுல எந்த முகம்?" என்று நான்கையும் காட்டி எடுக்கச் சொல்லுங்கள். அவள் எடுத்ததற்குக் காரணம் சொன்னால் அதுவே சரி, ஆப் சிவப்புக் கோடு போட்டாலும்.

பெயர்ச்சொல்லாகக் 'கோபம்' என்று அழுத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ்ப் பேச்சில் உணர்வு பெரும்பாலும் 'எனக்கு' என்றுதான் தொடங்கும்: எனக்குப் பயமா இருக்கு, எனக்குக் கோவம் வருது. முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகட்டும். அருவருப்பு என்ற சொல்லையும் இப்போது கட்டாயப்படுத்த வேண்டாம், அவள் 'ச்சீ' என்றால் போதும்.

ஒன்றாம் வகுப்பு முழுவதும் போன பிறகும் 'மரம்', 'படம்' போன்றவற்றைப் படம் இல்லாமல் கூட்ட முடியவில்லை என்றால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள், காதையும் கண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். புதிய ஆப் போடும்போது முதலில் நீங்களே திறந்து, படத்தை மறைத்து வார்த்தையை மட்டும் காட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கைதான் மூடி.