பேக்கரி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியுமா?

"தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருடச் சம்பளம் 9,60,000 ரூபாய். அதில் சுமார் 40,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். 2024 மே மாதம் என் பெயரில் ஒரு பேக்கரி ஆரம்பித்தேன். முதல் வருடமே 4,70,000 ரூபாய் நஷ்டம். மாடி வீட்டு வாடகையும் வங்கி வட்டியும் வருகின்றன. எங்கள் ஊர் வரி ஏஜென்ட், நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்து டிடிஎஸ் முழுவதையும் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?"

நம்பாதீர்கள். தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. ஒரு காலத்தில் இருந்தது. 2005-06 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2004-05 நிதியாண்டு வருமானத்திலிருந்து, அந்தக் கதவை மூடிவிட்டார்கள். உங்கள் சம்பளத்துக்கு உண்டான வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நஷ்டம் வீணாகப் போய்விடாது. அதே வருடத்து வாடகை, வட்டி போன்ற மற்ற வருமானங்களில் அதைக் கழிக்கலாம். மிஞ்சுவதை அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று, பிற்பாடு வரும் தொழில் லாபத்தில் கழிக்கலாம்.

நீங்கள் அனுப்பிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000 வாடகை என்றால் வருடத்துக்கு 1,20,000. அதில் பராமரிப்புக்கென்று சட்டமே 30 சதவீதம் கழித்துவிடுவதால் வரிக்கு வருவது 84,000. வங்கி வட்டி 46,000. இரண்டும் சேர்ந்து 1,30,000. உங்கள் 4,70,000 நஷ்டத்தில் ஓவனுக்கும் டீப் ஃப்ரீசருக்கும் போட்ட தேய்மானம் 1,00,000. அதை ஓரமாக வைத்தால் மீதி 3,70,000. இதில் 1,30,000 வாடகைக்கும் வட்டிக்கும் ஈடாகிவிடும். ஆகவே அந்த இரண்டுக்கும் இந்த வருடம் வரி கிடையாது. 2,40,000 அடுத்த ஆண்டுக்குப் போகிறது. தேய்மானம் 1,00,000 தனியாகப் பின்னால் வருகிறது. அதை ஏன் பிரித்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

"வாடகைக்கு வரியைக் கட்டிவிடுகிறேன், நஷ்டத்தை முழுசாக அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த வருடம் கழிக்க முடிந்ததை இந்த வருடமே கழித்தாக வேண்டும்.

இப்போது ஏஜென்ட் விஷயம். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று பேசுகிறவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். சம்பளத்தில் நேராகக் கழித்தால் போர்ட்டல் ஏற்காது என்று அவருக்கும் தெரியும். அதனால் இல்லாத வீட்டுக் கடன் வட்டி, கொடுக்காத நன்கொடை என்று எதையாவது போட்டு வருமானத்தைக் குறைப்பார்கள். ரீஃபண்ட் வரவும் செய்யும். பிறகு நோட்டீஸ் வரும்போது பான் எண் உங்களுடையது, ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். பொய்க் கணக்கு என்று முடிவானால் வரியும் வட்டியும் போக, ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

இதே ஆட்கள் வைக்கிற இன்னொரு பொறி ITR-4. "சின்னக் கடைதானே சார், விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால் கணக்கு வழக்கே வேண்டாம்" என்பார்கள். உங்கள் விற்பனை 22 லட்சம். எட்டு சதவீதம் என்றால் 1,76,000 லாபம்! நஷ்டப்பட்ட கடைக்கு லாபம் காட்டி, சம்பளத்தோடு சேர்த்து வரியும் கட்டி, 4,70,000 நஷ்டத்தைத் தலைமுழுக வேண்டியதுதான். நஷ்டத்தை எடுத்துச் செல்ல ITR-4 படிவத்தில் இடமே இல்லை. நீங்கள் போட வேண்டியது ITR-3. கொள்முதல் பில், கடை வாடகை ரசீது, கூலி நோட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் வைத்து லாப நஷ்டக் கணக்கு போட வேண்டும். வேலை அதிகம், ஆடிட்டர் கட்டணமும் கூடும். ஆனாலும் அதுதான் வழி.

அடுத்தது தேதி. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் நஷ்டம் அடுத்த ஆண்டுக்குப் போகும். 2024-25 கணக்குக்கு, ஆடிட் தேவையில்லாதவர்களுக்கு முதலில் ஜூலை 31 என்று இருந்தது. அதை 2025 செப்டம்பர் 15 வரை நீட்டித்து, கடைசியில் 16 வரை விட்டார்கள். படிவங்களைத் தாமதமாக வெளியிட்டது அவர்கள், ஆனால் நாம் ஒரு நாள் தாமதித்தால் எட்டு வருட உரிமை போய்விடும். இதை யாரிடம் போய்க் கேட்பது? தாமதக் கட்டணம் கட்டி டிசம்பரில் போடலாமே என்றால், போடலாம், ஆனால் அந்த 2,40,000 உங்களோடு அடுத்த ஆண்டுக்கு வராது. பிற்பாடு போடும் திருத்திய ரிட்டர்னான ITR-U போட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. விட்டுப்போன நஷ்டத்தைக் காட்ட அது உதவாது. கமிஷனரிடம் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். அதற்கு உண்மையான காரணமும், ஆதாரமும், நிறையப் பொறுமையும் வேண்டும்.

ரிட்டர்னை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் வெரிஃபை செய்ய வேண்டும். அந்த 30 நாள் தாண்டினால், நீங்கள் வெரிஃபை செய்த நாளையே ரிட்டர்ன் போட்ட நாளாக எடுத்துக்கொள்வார்கள். செப்டம்பர் 10-ல் அனுப்பி நவம்பரில் வெரிஃபை செய்தால் தாமத ரிட்டர்ன்தான், நஷ்டம் போச்சு. போர்ட்டலில் ஏஜென்ட் தன் மொபைல் எண்ணையும் மெயிலையும் போட்டு வைத்திருந்தால், நினைவூட்டல் எல்லாம் அவருக்குத்தான் போகும். முதலில் அதை மாற்றுங்கள்.

சரி, தேய்மானம். இது மட்டும் வேறு சாதி. தாமதமாக ரிட்டர்ன் போட்டாலும் தேய்மானம் அடுத்த ஆண்டுக்குப் போகும். எட்டு வருடக் கணக்கும் இதற்குக் கிடையாது. தீரும் வரை எடுத்துச் செல்லலாம். இன்னொரு சலுகையும் உண்டு. எடுத்துச் சென்ற தொழில் நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளில் தொழில் லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம், வாடகையிலும் வட்டியிலும் கழிக்க முடியாது. தேய்மானத்தை அவற்றிலும் கழிக்கலாம், சம்பளம்தான் கூடாது. 2025-26-ல் பேக்கரி அந்த வருடத் தேய்மானம் போக 1,50,000 லாபம் தந்தால், பழைய நஷ்டம் 2,40,000-லிருந்து முதலில் அது கழியும். 90,000 மிஞ்சி மறுபடி முன்னே போகும். லாபம் தீர்ந்துவிட்டதால், பழைய தேய்மானம் 1,00,000 அந்த வருட வாடகை, வட்டியில் போய்க் கழியும். அவை அதே 1,30,000 என்றால் 30,000-க்குத்தான் வரி. இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்து எழுதிவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. தேய்மானம் `Schedule UD`-யிலும், மிச்ச நஷ்டம் `Schedule CFL`-லும் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

பேக்கரியை மூடிவிட்டாலும் நஷ்டம் உங்களோடு வரும். நாளைக்கு மளிகைக்கடை வைத்து லாபம் வந்தால் அதில் கழிக்கலாம். கடைசி வருடம் 2032-33 நிதியாண்டு. கடையை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு, உங்கள் பழைய நஷ்டத்தை அவர் லாபத்தில் கழிக்கப் பார்த்தால் நடக்காது.

ரிட்டர்ன் பரிசீலனை முடிந்ததும் துறையிலிருந்து மெயிலில் ஒரு அறிவிப்பு வரும். பலரும் ரீஃபண்ட் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் எடுத்துச் செல்லும் நஷ்டம் என்ற இடத்தில் 2,40,000 இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால், அடுத்த ரிட்டர்ன் வரை காத்திருக்காமல் போர்ட்டலிலேயே திருத்தம் கோரி விண்ணப்பித்துவிடுங்கள்.