30 நிமிட மேடைக்கு எட்டுப் பாட்டு

"நாலு பேர் பேண்டு, முதல் நிகழ்ச்சி. 30 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பாட்டு தயார், ஒவ்வொன்றும் நாலு நிமிடம். ரெண்டு பாட்டுக்கு மட்டும் கிடாரின் தடித்த தந்தியை இறக்கி ட்யூன் செய்ய வேண்டும். எந்த வரிசையில் வாசிப்பது?"

எட்டு வேண்டாம், ஆறு போதும். ஆறு பாட்டு 24 நிமிடம். கைதட்டல், ட்யூனிங், பேச்சு எல்லாம் சேர்ந்தால் 28-ஐத் தொட்டுவிடும். ஒயர் செருகும் நேரமும் அந்த 30-க்குள்தானா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். ஆம் என்றால் ஐந்துதான்.

முதலில், கை நடுங்கினாலும் தப்பாமல் வரும் பாட்டு. சவுண்ட் எஞ்சினியர் அளவுகளைச் சரிசெய்வதே அந்தப் பாட்டில்தான், குரல் பாதி கேட்காமல் போகலாம். அதனால் உங்கள் சிறந்த பாட்டை அங்கே வீணாக்காதீர்கள். முதல் பாட்டு முடிந்த கையோடு, பேச்சே இல்லாமல், வேகமான இரண்டாவது.

தந்தி இறக்கும் ரெண்டையும் மூன்றாவது, நான்காவதாகச் சேர்த்து வையுங்கள். பிரித்து வைத்தால் நாலு முறை ட்யூன் செய்ய வேண்டும், சேர்த்தால் இரண்டே முறை. முதல் முறை பாடகர் பேண்டை அறிமுகப்படுத்தட்டும். மறுபடி ஏற்றும்போது பேஸும் டிரம்ஸும் ஐந்தாவது பாட்டின் தாளத்தை ஓட்டிக்கொண்டிருக்கட்டும், சூடு தானாக ஏறும். இறக்கிய தந்தி மேலேற்றியதும் கொஞ்சம் சுருதி நழுவும். இன்னொரு கிடார் கடன் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆறாவதுதான் உங்கள் சிறந்த பாட்டு. நேரம் போய்விட்டது என்று சைகை வந்தால் ஐந்தாவதை விட்டுவிட்டு நேராக அதற்குத் தாவுங்கள். பட்டியலில் ஐந்தாவதை இப்போதே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டால் மேடையில் விவாதம் வராது.