380 கணக்கு போட்டும் கோடிங் ரவுண்டில் கை நிற்பது ஏன்?

கேள்வி: நான் மார்த்தாண்டம் பக்கம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. 11 கம்பெனிக்கு இன்டர்வியூ போய்விட்டேன், எல்லாமே கோடிங் ரவுண்டில்தான் போயிற்று. ஆன்லைனில் 380 கணக்கு போட்டிருக்கிறேன். வீட்டில் வருகிறது, அங்கே உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. இன்னும் 200 போட்டால் சரியாகுமா? அம்மா பேசாமல் பேங்க் பரீட்சைக்குப் படி என்கிறார்கள்.

பதில்: 200 வேண்டாம், தம்பி. அதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, 11 இன்டர்வியூவிலும் எந்த இடத்தில் சறுக்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

தக்கலையில் ஒரு பெண் இப்படித்தான் தொடங்கினார். அப்போது அவர் கணக்கில் 9 தோல்வி. எழுதிப் பார்த்தால், கணக்கே தெரியாமல் முழித்தது 2 தடவைதான். 3 தடவை கேள்வியை அரைகுறையாகப் புரிந்துகொண்டு வேறெதற்கோ விடை எழுதியிருந்தார். மீதி 4 தடவையும் கோட் எழுதி முடித்தே விட்டார். அதிலிருந்த தப்பை எதிரில் இருந்தவர் காட்டினார், இவரால் திருத்த முடியவில்லை. புதுக் கணக்கு போட்டால் அந்த 2 வேண்டுமானால் குறையும். மற்ற 7-க்கும் அது மருந்தே இல்லை.

அவர் பழகிய விதத்தைப் பாருங்கள், உங்களுடையதும் அதிகம் மாறாது என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு கணக்கு. கேள்வியைப் படிப்பார், பத்து நிமிஷம் யோசிப்பார், வராவிட்டால் விடை வீடியோ. பார்த்ததும் புரியும். புரிந்ததை டைப் செய்து `Run` அழுத்துவார். சிவப்பு வந்தால் ஒரு `+1` போட்டுப் பார்ப்பார், அதை எடுத்துப் பார்ப்பார், பச்சை வந்ததும் அடுத்த கணக்கு. இதில் தப்பைக் கண்டுபிடித்தது யார்? அந்த வெப்சைட். இன்டர்வியூவில் பல இடங்களில் `Run` பட்டனே இருக்காது. வெறும் ஷேர்டு டாக்குமென்ட்தான். தன் தப்பைத் தானே பார்க்கும் வேலையை அந்தப் பெண் ஒரு நாள்கூடச் செய்ததில்லை. அதைத்தான் அங்கே கேட்டார்கள்.

அவருடைய ஏழாவது தோல்வியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு ஸ்ட்ரிங்கில், எந்த எழுத்தும் இரண்டு முறை வராத மிக நீளமான துண்டின் நீளம் என்ன என்பது கேள்வி. நீங்களும் போட்டிருப்பீர்கள். அவர் எழுதியது இது:

```python
def longest(s):
    last = {}
    left = best = 0
    for i, c in enumerate(s):
        if c in last:
            left = last[c] + 1
        last[c] = i
        best = max(best, i - left + 1)
    return best
```

`last` என்பது ஒவ்வொரு எழுத்தும் கடைசியாக வந்த இடம். `left` என்பது இப்போதைய துண்டு தொடங்கும் இடம். கேள்வியில் கொடுத்திருந்த உதாரணம் `abcabcbb`. அதற்கு இந்த கோட் 3 என்று சரியாகவே சொல்லும். அவரும் முடிந்தது என்று சொல்லிவிட்டார். எதிரில் இருந்தவர் ஒரே வார்த்தை கேட்டார்: `abba` கொடுத்தால்? பதில் 2 வரவேண்டும், இது 3 என்கிறது. அடுத்த பதினைந்து நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

அதே கணக்கை இரண்டு மாதம் கழித்துத் தாளில் போட்டார். `i`, `c`, `left`, `best` என்று நாலு பத்தி, எழுத்துக்கு ஒன்றாக நாலு வரி.

```
i  c  left  best
0  a   0     1
1  b   0     2
2  b   2     2
3  a   1     3
```

கடைசி இரண்டு வரியில் `left` என்ன செய்கிறது பாருங்கள். 2-க்குப் போனது மறுபடி 1-க்கு வந்துவிட்டது. துண்டின் தொடக்கம் முன்னால்தான் நகர வேண்டும்; பழைய `a` எப்போதோ துண்டுக்கு வெளியே போய்விட்டது, அதைப் பார்த்து `left` பின்வாங்குகிறது. திருத்தம் ஒரே வரி:

```python
        if c in last and last[c] >= left:
```

இந்த அட்டவணை போட இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இன்டர்வியூவில் பதினைந்து நிமிஷம் இருந்தும் அவருக்கு இது தோன்றாததற்குக் காரணம், கை அதைச் செய்து பழகவில்லை என்பது மட்டும்தான்.

அதன் பிறகு ஏழெட்டு கணக்கு என்பது ஒன்றாகக் குறைந்தது. ஒரு கணக்குக்கு 45 நிமிஷம், போனில் டைமர், கம்ப்யூட்டரில் வெறும் நோட்பேட், `Run` கிடையாது. முதல் ஐந்து நிமிஷம் கோட் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டார். கேள்வியைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, தானாக மூன்று சின்ன உதாரணம் எழுத வேண்டும்: காலியானது ஒன்று, எல்லாம் ஒரே மாதிரி இருப்பது ஒன்று, வம்பு பிடித்தது ஒன்று. `abba` அந்த மூன்றாவது வகை. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்ட அந்த 3 தோல்வியும் இந்த ஐந்து நிமிஷத்தில்தான் அடைபட்டன, ஏனென்றால் உதாரணத்துக்கு விடை எழுத உட்கார்ந்தால் புரியாத இடம் தானே தலையை நீட்டும். அடுத்த பத்து நிமிஷத்தில் மெதுவாக ஓடினாலும் சரியான ஒரு வழியைச் சொல்லிவிட்டு, அதைவிட நல்லது இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு இருபது நிமிஷம் எழுதுவது. கடைசிப் பத்து நிமிஷம் அந்த வம்பு பிடித்த உதாரணத்துக்குத் தாளில் அட்டவணை. அதெல்லாம் முடிந்த பிறகே வெப்சைட்டில் ஒட்டி `Run`.

முதல் வாரம் அவருக்கு ஏழு நாளில் ஐந்து நாள் சிவப்புதான் வந்தது. இங்கேதான் பலர் பழைய வழிக்கே ஓடிவிடுகிறார்கள். வராதபோது 20 நிமிஷம் முட்டிப் பார்த்துவிட்டு விடையைத் திறக்கலாம், தப்பில்லை. ஆனால் படித்ததும் மூடிவிட்டு, வெறும் தாளில் தானே எழுத வேண்டும். அதே கணக்கை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் பழைய கோடைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். பத்தாம் நாளும் வந்தால்தான் அது உங்களுடையது. 380-இல் எத்தனை அப்படித் தேறும் என்று நீங்களே நாலைந்தை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று, வாய். 45 நிமிஷமும் பேசிக்கொண்டே போட்டு, அதைப் போனில் பதிவு செய்தார். மறுநாள் நாகர்கோவில் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டால், நடுவில் 11 நிமிஷம் சத்தமே இல்லை. அவர் தலைக்குள் நிறைய நடந்திருக்கிறது. கேட்கிறவருக்கு அது தெரியாதே. ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று நினைத்தார், பாதிதான் சரி. முதல் இரண்டு வாரம் தமிழிலேயே பேசிப் பழகினார், அப்போதும் கோட் எழுதும்போது வாய் மூடிக்கொண்டது. யோசனையைச் சொல்லிக்கொண்டே கை எழுதுவது தனிப் பழக்கம், அது மொழிக்கு முந்தியது. அது வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாறியபோது பெரிய சிரமம் இல்லை. கோடிங் ரவுண்டுக்குச் சுமார் முப்பது வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: எழுதி முடித்துவிட்டுப் பிறகு விளக்குவதைப் பேசிப் பழகுவதாக எண்ணாதீர்கள். அது வேறு.

தப்பு நோட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய நோட்டில் `abba` கணக்குக்கு எதிரே இருந்தது, '`left` பின்னால் போனது. பின்னால் போகக்கூடாத எண் எது என்று முதலிலேயே குறித்து வை.' இது அடுத்த கணக்குக்கும் உதவும்.

உதவியதா என்று கேட்பீர்கள். இந்த முறைக்கு மாறி நாலாவது வாரம் ஒரு இன்டர்வியூ, அதுவும் போயிற்று. அது எஸ்.க்யூ.எல். ஜாயின் கேள்வி, அவர் படிக்கவே இல்லை. எந்தப் பயிற்சியும் படிக்காத பாடத்துக்கு ஈடாகாது. ஏழாவது வாரம் இரணியலில் ரயிலேறி கழக்கூட்டம் போய் இறங்கினார், டெக்னோபார்க்கில் ஒரு சின்ன கம்பெனி. ஒரு மண்டபத்தின் புக்கிங் நேரங்களைக் கொடுத்து, ஒன்றோடொன்று மோதுபவற்றைச் சேர்த்து எழுதச் சொன்னார்கள். அவர் அதுவரை போடாத கணக்கு.

முதலில் கேட்டார்: ஒன்று முடியும் அதே நேரத்தில் அடுத்தது தொடங்கினால் சேர்க்க வேண்டுமா? சேர்க்க வேண்டும் என்றார்கள். தொடங்கும் நேரப்படி வரிசைப்படுத்தி, வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போவதாகச் சொல்லி எழுதினார். முடிந்தது என்று சொல்லவில்லை. வம்பு பிடித்த உதாரணமாக `[1,10] [2,5] [8,12]` என்று தானே எடுத்து அட்டவணை போட்டார். இரண்டாவது வரியில் `end` 10-இலிருந்து 5-க்கு இறங்கியது. ஒரு புக்கிங் இன்னொன்றுக்குள் முழுக்க அடங்கினால் `end = e` என்பது தப்பு என்று வாய்விட்டுச் சொல்லி, அடித்துவிட்டு எழுதினார்:

```python
end = max(end, e)
```

விடை `[1,12]`. பின்னால் போகக்கூடாத எண், அதே வியாதி, வேறு உடம்பு. நாலு நாள் கழித்து எச்.ஆர். கூப்பிட்டார், அந்த வாரமே ஆஃபர் லெட்டர் வந்தது.

பேங்க் பரீட்சை மோசமான யோசனை இல்லை. ஆனால் அது ஒரு நிமிஷத்துக்குள் ஒரு கேள்வியை முடிக்கும் வேகப் பயிற்சி, இது ஒரே கணக்கோடு முக்கால் மணி நேரம் உட்காரும் பயிற்சி. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் இரண்டும் கெடும். அம்மாவிடம் எட்டு வாரம் கேளுங்கள். அந்த எட்டு வாரத்தில் 11 வரியில் எந்த வகைத் தப்பு அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவையுங்கள். அவருக்குக் கோடிங் தெரிய வேண்டும் என்பதில்லை. நீங்கள் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசாமல் இருந்தால் மேசையைத் தட்டத் தெரிந்தால் போதும்.