கேள்வி பதில்: குடியிருப்பு சங்கத்தில் புதிய குழு அமைத்தால் வரையறையில் என்ன எழுத வேண்டும்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அபார்ட்மெண்ட் சங்கங்களில் அமைக்கப்படும் துணைக் குழுக்கள் பற்றியவை. நான் கம்பெனி செக்ரட்டரி. ஒரு குழு எதற்காக, எந்த அதிகாரத்தோடு, எப்படிச் செயல்பட வேண்டும் என்று சொல்லும் ஆவணம்தான் வரையறை. நிறுவனங்களின் குழுக்களுக்கும் சில குடியிருப்பு சங்கங்களின் குழுக்களுக்கும் இந்த ஆவணங்களை எழுதித் தந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: மேடம், எங்கள் சங்கத்தில் 96 வீடுகள். வெளிச்சுவர் விரிசல், மொட்டைமாடிக் கசிவு, பெயிண்டிங் எல்லாவற்றுக்கும் "பராமரிப்புக் குழு அமைக்கப்படுகிறது" என்று பொதுக்குழுவில் ஒரு வரித் தீர்மானம் போட்டோம். 7 பேர் இருக்கிறோம். இப்போது என்ன எழுத வேண்டும்?

முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள். பராமரிப்பு என்றால் லிஃப்ட், செக்யூரிட்டி, தண்ணீர் லாரி எல்லாம் உள்ளே வந்துவிடும். "வெளிச்சுவர் மற்றும் மொட்டைமாடி பழுதுபார்ப்புக் குழு" என்று வைத்தால் எல்லை தானாகத் தெரியும். நோக்கத்தை இப்படி எழுதலாம்:

"மூன்று பிளாக்குகளின் வெளிச்சுவர் விரிசல், மொட்டைமாடி நீர்க்கசிவு, வெளிப்பூச்சு ஆகிய வேலைகளுக்கு வேலை விவரப் பட்டியல் தயாரிப்பது, குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டு நிர்வாகக் குழுவுக்குப் பரிந்துரைப்பது, வேலை தொடங்கியபின் அளவையும் தரத்தையும் சரிபார்த்து ஒவ்வொரு பில்லுக்கும் சான்று தருவது."

இதற்கு அடுத்த பத்தியில், குழு செய்யக் கூடாதவற்றை எழுதுங்கள்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, உரிமையாளர்களிடம் பணம் வசூலிப்பது, ஒப்பந்ததாரருக்கு நேரடியாகப் பணம் கொடுப்பது. பெரும்பாலான சண்டைகள் இந்தப் பத்தி இல்லாததால்தான் வருகின்றன. சாரம் கட்டியபின் "இந்த இடத்தையும் சேர்த்துப் பூசிடுங்க" என்று ஓர் உறுப்பினர் சொல்வார். பில் வரும்போது அது யார் அனுமதித்த கூடுதல் வேலை என்று பொருளாளர் கேட்பார், யாரிடமும் பதில் இருக்காது. அதனால் ஒரு தொகையைக் குறிப்பிட்டுவிடுங்கள். உதாரணமாக, மொத்தம் 50,000 ரூபாய் வரையிலான கூடுதல் வேலையைக் குழுவே கூட்டத்தில் ஒப்புக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் நிர்வாகக் குழுவின் எழுத்து அனுமதி வேண்டும்.

குழு எப்போது கலையும் என்பதும் வேண்டும். பெயிண்டிங் முடிந்ததும் கலைத்துவிடாதீர்கள். பில்லில் 5 சதவீதம் பிடித்துவைத்து, ஒரு மழைக்காலம் பார்த்துத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் இருந்தால், அந்தத் தொகையை விடுவிக்கும் வரை குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் கசிவு மீண்டும் வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகும்.

கேள்வி: கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரத்தை "பாதிக்கு மேல்" என்று எழுதியிருக்கிறோம். 7 பேரில் 4. இப்போது இரண்டு பேர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இனி 3 பேர் போதும்தானே?

நீங்கள் சொல்வது பாதி சரி. "பாதிக்கு மேல்" என்பது எதில் பாதி என்று எழுதாததுதான் சிக்கல். 7 இடங்களில் என்று வாசித்தால் இன்னும் 4 பேர் வேண்டும், பதவியில் இருக்கும் 5 பேரில் என்று வாசித்தால் 3 போதும். கம்பெனிகள் சட்டம் 2013, இயக்குநர் குழுவின் கோரத்தைக் கணக்கிடும்போது காலியிடங்களைச் சேர்ப்பதில்லை. அது உங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் நல்ல முன்மாதிரி. ஆனால் அதை அப்படியே எடுத்தால், உறுப்பினர்கள் மூன்றாகக் குறையும்போது இரண்டு பேரே முடிவெடுக்கும் நிலை வரும். பெரிய தொகை புரளும் குழுவுக்கு அது ஆபத்து. எனவே இப்படி எழுதுங்கள்: "பதவியில் உள்ள உறுப்பினர்களில் பாதிக்கு மேல், ஆனால் எக்காரணம் கொண்டும் மூன்றுக்குக் குறையாமல். காலியிடத்தை நிர்வாகக் குழு 30 நாளுக்குள் நிரப்ப வேண்டும்."

கேள்வி: கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டத்துக்கு அடுத்த முறை வந்தவர்களே போதும் என்று சட்டமே சொல்கிறதே?

அது கம்பெனிகளின் பொதுக்கூட்டத்துக்கான விதி. ஒத்திவைத்த கூட்டத்திலும் அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். பங்குதாரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடத்தில் அது நியாயம். 7 பேர் குழுவில் இதைப் போட்டால், மற்றவர்கள் ஊரில் இல்லாத இரண்டு ஞாயிறுகளைத் தேர்ந்தெடுத்து ஒருவரே கொட்டேஷனை முடித்துவிடலாம். இதைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனரும் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அந்த உறுப்பினர் ஓட்டுப் போடாவிட்டால் போதாதா?

போதாது சார். அவர் அறையில் உட்கார்ந்திருந்தாலே மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். உறவை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும், அந்தப் பொருள் வரும்போது வெளியே போக வேண்டும். அந்த நேரத்தில் கோரக் கணக்கிலும் அவர் சேரக் கூடாது. ஏழு இடமும் நிரம்பிய குழுவுக்குக் கோரம் 4, வந்ததும் 4 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்து போனால் மீதி 3. கொட்டேஷன் முடிவு அன்று நிற்கும், மற்ற பொருள்களைத் தொடரலாம். அவர் போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் மினிட்ஸில் குறியுங்கள். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு அந்த இரண்டு வரிதான் இருக்கும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் எல்லாரும் தம்ஸ்அப் போட்டால் தீர்மானமா?

அவசரத்துக்கு சுற்றறிக்கை மூலம் முடிவெடுக்கலாம் என்று வரையறையில் இருந்தால் மட்டும். அப்போதும் முழு வாசகமும் தொகையும் எல்லா உறுப்பினருக்கும் போக வேண்டும், பெரும்பான்மையினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் கூட்டத்துக்கே எடுத்துவர வேண்டும். அப்புறம் அடுத்த கூட்ட மினிட்ஸில் அதைப் பதிய வேண்டும்.

கேள்வி: நான் ஹெச்.ஆர். எங்கள் அலுவலகத்தில் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழுவுக்கு இப்படி ஒரு வரையறை எழுதுகிறேன். விசாரணைக்கு 2 பேர் போதும், அறிக்கை ஹெச்.ஆர். தலைவருக்கு என்று போடலாமா?

இது வேறு வகை மேடம். உங்கள் குழுவைச் சட்டமே உருவாக்குகிறது, அதனால் வரையறை சட்டத்தைத் தளர்த்த முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிப்படி விசாரணையில் குழுவின் தலைமை அலுவலர் உட்படக் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், முடிந்த 10 நாளுக்குள் அறிக்கை நிறுவன முதலாளிக்கும் சம்பந்தப்பட்ட இருதரப்புக்கும் போக வேண்டும். நடுவில் ஹெச்.ஆர். தலைவரை வடிகட்டும் படியாக வைக்காதீர்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுவது, கோப்புகளை யார் வைத்திருப்பது போன்றவற்றை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பழுதுபார்ப்புக் குழு மாதம் ஒருமுறை கூடினால் போதுமா?

கொட்டேஷன் கட்டத்தில் போதும். சாரம் ஏறியபின் வாரம் ஒருமுறை, தளத்திலேயே. பில் வந்தால் 7 நாளுக்குள் ஒரு கூட்டம் என்று எழுதினால் ஒப்பந்ததாரர் காத்திருக்க நேராது.

கேள்வி: எங்களைத் தேர்ந்தெடுத்தது பொதுக்குழு. நிர்வாகக் குழுவுக்கு நாங்கள் ஏன் அறிக்கை கொடுக்க வேண்டும்?

பணம் நிர்வாகக் குழுவின் கையெழுத்தில் போகிறது, வழக்கு வந்தாலும் சங்கத்தின் சார்பில் நிற்பது அவர்கள்தான். ஆகவே மாதாந்திர அறிக்கை அவர்களுக்கு. ஆனால் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது, பரிந்துரையை அவர்கள் அமுக்கிவிடலாம். அதற்கு ஒரு வரி: "பரிந்துரையை ஏற்காவிட்டால் நிர்வாகக் குழு 15 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், இரண்டும் அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்படும்."

கேள்வி: வெளியாள் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயருக்கு ஓட்டு கொடுக்கலாமா? எங்களுக்குள் இதில் பெரிய வாக்குவாதம்.

நான் கொடுக்க மாட்டேன். கட்டணம் வாங்கும் ஆலோசகர் தன் வேலையையே சரி என்று ஓட்டுப் போடுவது பொருந்தாது. அழைப்பாளராக உட்கார்ந்து கருத்தை மினிட்ஸில் பதியட்டும். ஆனால் என் தோழி ஒருவர், அவரும் இதே தொழிலில் இருப்பவர், விரிசலைப் பற்றி எதுவும் தெரியாத ஏழு பேரை விட என்ஜினீயருடைய ஒரு ஓட்டு மேல் என்கிறார். அவர் சொல்வதை என்னால் முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. உங்கள் சங்க விதியில் உறுப்பினர் அல்லாதவர் ஓட்டளிக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாக்குவாதத்துக்கே வேலை இல்லை.