சோடாபுட்டிக்குக் காரணம் இண்டெக்ஸா, பிரேமா?

“வலது கண் −5.50, இடது −5.00, சிலிண்டர் இல்லை. பி.டி. 62. பெரிய ஷெல் பிரேம் ஒன்று பிடித்துப்போய்விட்டது; காம்பின் உள்பக்கம் 54-18 என்று இருக்கிறது. செம்பூர் கடையில் 1.56 லென்ஸே போதும் என்கிறார்கள். மாட்டுங்காவில் 1.67 என்கிறார்கள். மூன்றாவது கடையில் 1.74 புளூ கட் போட்டால்தான் சோடாபுட்டி மாதிரி தெரியாதாம். விலை கடைக்குக் கடை எகிறுகிறது. எதை வாங்கலாம்?”
— மும்பை வாசகி

முதலில் பிரேமை மாற்றுங்கள். லென்ஸ் பேச்சு அப்புறம்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது. ஓரம் போகப் போகத் தடிக்கும். அந்தத் தடிப்பு, நடுப்புள்ளியிலிருந்து ஓரம் எவ்வளவு தூரம் என்பதன் வர்க்கத்தில் ஏறும். 54-18 என்றால் ஒரு கண்ணாடியின் அகலம் 54 மி.மீ., மூக்குப்பாலம் 18 மி.மீ. இரண்டு கண்ணாடிகளின் மையங்களுக்கு இடையே 72 மி.மீ. வருகிறது. உங்கள் கருவிழிகளுக்கு இடைப்பட்ட தூரம் 62தான். ஆகவே லென்ஸின் நடுப்புள்ளியை ஒவ்வொரு பக்கமும் மூக்கை நோக்கி 5 மி.மீ. தள்ளித்தான் வைக்க முடியும். காதுப்பக்கத்து ஓரம் 27+5, அதாவது 32 மி.மீ. தொலைவுக்குப் போய்விடுகிறது. 48-18 பிரேமில் தள்ள வேண்டியது வெறும் 2 மி.மீ. ஓரம் 26 மி.மீட்டரிலேயே முடிந்துவிடும்.

1.56, 1.67 என்பதெல்லாம் இண்டெக்ஸ், லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் எண்; அது ஏற ஏற லென்ஸ் மெலியும். வலது கண்ணுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். உங்கள் 54 பிரேமில், நடுவைவிட ஓரம் 1.56 லென்ஸில் 5 மி.மீ. கூடுதலாகத் தடிக்கும், 1.67இல் 4.2, 1.74இல் 3.8. அதே பவரை 48 பிரேமில் போட்டால் 1.56இலேயே 3.3தான். பெரிய பிரேமில் மிக விலை உயர்ந்த லென்ஸ் தருவதைவிட, சின்ன பிரேமில் சாதா லென்ஸ் அதிகம் தருகிறது. கடைக்காரர் இதைச் சொல்வது அபூர்வம். சொன்னால் அவரிடமே வாங்குங்கள்.

சின்ன பிரேமுக்கு வந்துவிட்டால் நான் 1.60 போடச் சொல்வேன். ஓரத் தடிப்பு 3.1 ஆகிறது. 1.67க்குப் போனால் 2.8, அந்த 0.3 மி.மீட்டருக்குக் கொடுக்கும் பணம் கண்ணில் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. இண்டெக்ஸ் ஏறும்போது, நிறம் பிரியாமல் காட்டுவதன் அளவான ஆபே எண் பொதுவாக இறங்கும். நல்ல 1.60 லென்ஸுக்கு அது 40ஐ ஒட்டி இருக்கும், 1.67க்கு 32 வாக்கில். எண் குறைந்தால் லென்ஸின் ஓரத்து வழியாகப் பார்க்கும்போது டியூப்லைட்டைச் சுற்றி நீலமும் ஆரஞ்சும் விளிம்பு கட்டும். உங்கள் பவருக்குச் சிலர் அதைக் கவனிப்பார்கள். ‘உடையாத லென்ஸ்’ என்று தள்ளிவிடும் பாலிகார்பனேட்டுக்கு ஆபே 30தான். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம். 1.74ஐ −8, −9க்கு மேல் யோசிக்கலாம்.

கோட்டிங்கில், ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் ஏ.ஆர். மட்டும் கட்டாயம். சாதா லென்ஸ் ஒரு பரப்பில் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும்; 1.67 ஆறு சதவீதத்துக்கு மேல். மெல்லிய லென்ஸ் வாங்கிவிட்டு மட்டமான கோட்டிங்கில் மிச்சம் பிடிப்பது வீண். கடையிலேயே சோதிக்கலாம்: லென்ஸைச் சாய்த்து டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிய வேண்டும். பளிச்சென்ற வெள்ளைக் கோடு தெரிந்தால் கோட்டிங் இல்லை. புளூ கட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். அது கம்ப்யூட்டர் பார்க்கும் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 2023 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வெள்ளைத்தாள் லேசாக மஞ்சளாகத் தெரிவதும் உண்டு.

ஷெல் பிரேம் ஓரத்தை நன்றாக மறைக்கும், அது உண்மை. ஆனால் மும்பை வியர்வையில் வழுக்கும். மூக்குத்தாங்கியைச் சரிசெய்யவும் முடியாது. கண்ணாடி கீழே இறங்கினால் கண்ணிலிருந்து தள்ளிப்போய், மைனஸ் பவர் குறைந்ததுபோல் தூரம் மங்கும். மூக்குத்தாங்கி வைத்த ஷெல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. உலோகம்தான் என்றால் டைட்டானியம். மலிவு உலோகத்தில் நிக்கல் இருக்கும், சிலருக்கு அரிக்கும், மூக்கருகே பச்சை படியும்.

மூன்று கடையிலும் 48 பிரேம், 1.60, ஏ.ஆர். என்று ஒரே பேச்சில் விலை கேளுங்கள். லென்ஸ் கம்பெனி, இண்டெக்ஸ், கோட்டிங் வாரண்டி மூன்றும் பில்லில் எழுதி வரட்டும். லென்ஸ் உறையையும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி தயாரானதும், லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்து இரு லென்ஸின் நடுப்புள்ளிக்கும் மை வைக்கச் சொல்லி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். 62ஐ ஒட்டி வரவேண்டும். 66 வந்தால் உங்கள் பி.டி.யைப் பார்க்காமல் பிரேமின் நடுவிலேயே மாட்டிவிட்டார்கள். அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.