காம்பவுண்ட் வில்லில் கேமும் லெட்-ஆஃபும்

கேள்வி: 60 பவுண்டு வில்லை முழுசா இழுத்த பிறகும் கை நடுங்காம எப்படிக் குறி பார்க்கிறாங்க?

60 பவுண்டு என்பது வில்லின் கனம் அல்ல, இழுக்கும்போது கை தாங்கும் உச்ச எடை. காம்பவுண்ட் வில்லில் முழுதாக இழுத்த நிலையில் கையில் அந்த 60 பவுண்டு இருக்காது. இழுக்கும் வழியில் உச்ச எடையைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடும். அந்த இறக்கத்துக்குத்தான் லெட்-ஆஃப் என்று பெயர். அது 80% என்றால் கையில் நிற்பது 12 பவுண்டு, சுமார் ஐந்தரை கிலோ.

காரணம், வில்லின் நுனிகளில் உள்ள கேம் என்னும் கோணல் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் நாணுக்கு ஒரு பள்ளம், எதிர் நுனியை இழுக்கும் கேபிளுக்கு ஒரு பள்ளம். இழுக்க இழுக்கச் சக்கரம் சுழலும். கடைசியில் நாண் அச்சிலிருந்து தள்ளிப்போகும், கேபிள் அச்சை ஒட்டி வந்துவிடும். புதுச்சேரிப் பழைய வீட்டுத் தேக்குக் கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், அசையாது. கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் போதும். இங்கே கேபிள் கீல் பக்கம், உங்கள் விரல் கைப்பிடிப் பக்கம்.

ஆனால் நாணைக் கொஞ்சம் முன்னே நழுவவிட்டால் சக்கரம் திரும்பி, முழு எடையும் வெடுக்கென்று கையை இழுக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பிடி லேசானதால் அம்பும் மெதுவாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: வில்லில் மேலும் கீழும் நீண்டு வளையும் கைகள் முழுதாக வளைந்தேதான் இருக்கின்றன, நீங்கள் இழுத்துச் சேர்த்த ஆற்றல் அவற்றில் அப்படியே இருக்கிறது.